மரப்பலகையில் சொல்லை மாற்றி எழுதுதல்: படத்தின் மேற்பரப்போடு புதிய எழுத்தை ஒன்றச் செய்யும் வழி

படக்கதையையோ கணினி விளையாட்டையோ தமிழுக்குக் கொண்டுவரும்போது, உரையாடல் குமிழிகளில் உள்ள சொற்களை மாற்றுவது எளிது. வெள்ளைப் பின்னணியை நிரப்பிவிட்டுப் புதிய வரியை இட்டால் போதும். காட்சிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் சொற்கள்தான் கடினமானவை. காட்டுப் பாதையில் நடப்பட்ட பலகை, கல்லில் கொத்திய பெயர், கொடித் துணியில் அச்சிட்ட முழக்கம் ஆகியவற்றில் எழுத்தும் மேற்பரப்பும் ஒரே பொருளாகக் கலந்திருக்கின்றன. அங்கே பழைய சொல்லை அழித்துப் புதிய சொல்லைத் தட்டச்சு செய்தால், அது பலகையின் மேல் எழுதப்பட்டதாகத் தோன்றாமல், படத்துக்கு முன்னால் கண்ணாடியில் ஒட்டிய தாள் போல மிதக்கும்.

இக்கட்டுரையில் மரப்பலகை ஒன்றை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து காட்டுகிறேன். கல்லிலும் துணியிலும் எவை மாறுகின்றன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கருவிகளின் பெயர்கள் ஃபோட்டோஷாப்பில் திரையில் தெரிகிறபடியே தரப்பட்டுள்ளன. வேறு மென்பொருளைப் பயன்படுத்துவோரும் பின்பற்றத்தக்க வகையில், ஒவ்வொரு படியும் எதற்காக என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

நம் எடுத்துக்காட்டு இதுதான். 2400 × 1600 பிக்சல் அளவுள்ள ஒரு படத்தில், ஆற்றங்கரையில் ஒரு பழைய பலகை நிற்கிறது. பலகையின் அகலம் ஏறத்தாழ 900 பிக்சல், உயரம் 320 பிக்சல். மர ரேகைகள் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. அதன்மேல் வேற்றுமொழியில் வெண்ணிறப் பெயிண்டால் எழுதப்பட்டு, வெயிலிலும் மழையிலும் தேய்ந்துபோன எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. அதன் இடத்தில் "பாலம் இல்லை" என்று வர வேண்டும்.

அழிப்பதற்கு முன்பு பழைய எழுத்தைப் பாருங்கள்

புதிதாக இவ்வேலைக்கு வருபவர்கள் படத்தைத் திறந்தவுடன் பழைய எழுத்தை அழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் பல படங்களில் அப்படித்தான் செய்தேன். பிறகு புதிய எழுத்துக்கு என்ன நிறம் கொடுப்பது, எவ்வளவு தேய்ப்பது என்று தெரியாமல் ஊகத்தில் வேலை செய்ய வேண்டியதாயிற்று. இந்தப் பலகையில், இந்த வெளிச்சத்தில், இந்தப் பெயிண்ட் எப்படித் தோன்றும் என்பதற்குப் பழைய எழுத்தைத் தவிர வேறு சான்று கிடையாது. ஆகவே அதில் நன்றாகத் தெரியும் ஓர் எழுத்தை, சுற்றியுள்ள மரத்தோடு சேர்த்துத் தனி லேயரில் நகலெடுத்து, "சான்று" என்று பெயரிட்டு மறைத்து வையுங்கள். கடைசிவரை அது தேவைப்படும்.

பிறகு படத்தை 300 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது நிறம். வெண்மையாகத் தெரியும் பெயிண்ட் உண்மையில் வெண்மையாக இருப்பதில்லை; நம் பலகையில் மிக வெளிறிய இடம் `#D9D2C0` என்றும், நிழல் விழுந்த இடம் `#A79C86` என்றும் இருந்தன. இரண்டாவது ஓரம். முழுப் பெயிண்டிலிருந்து வெறும் மரத்துக்கு வருவதற்கு எத்தனை பிக்சல் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். இங்கே 2 அல்லது 3 பிக்சல் ஆயிற்று. மூன்றாவது கோட்டின் தடிமன். இங்கே ஏறத்தாழ 24 பிக்சல். நான்காவது தேய்மானம்: பெயிண்ட் எந்த இடத்தில் போயிருக்கிறது, எந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்பது.

இந்த நான்காவது செய்தியில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பள்ளத்தில் பெயிண்ட் தங்கும், மேட்டில் தேயும் என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். உராய்வினால் தேய்ந்த பலகைக்கு அது பொருந்தும். வெயிலாலும் மழையாலும் நலிந்த பலகையில் நிலை வேறு. பைன் போன்ற மரங்களில் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் வெளிறிய மென்பகுதியும் கருத்த கடினப் பகுதியும் உண்டு. கடினப் பகுதியைப் பெயிண்ட் அவ்வளவு உறுதியாகப் பற்றிக்கொள்வதில்லை என்பதால், முதலில் உரிவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே படத்தில் தெரியும் ஒரு கருங்கோடு பள்ளமா, விரிசலா, கடினமான ரேகையா என்பதைப் பொறுத்து அதன்மேல் பெயிண்ட் இருப்பதும் இல்லாததும் மாறும். பழைய எழுத்தைப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது. நம் பலகையில் கருத்த ரேகைகளின் மேல் பெயிண்ட் போயிருந்தது. வெளிறிய பட்டைகளில் தங்கியிருந்தது.

பழைய சொல்லை அழித்தல்

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெற்று லேயரை உருவாக்கி, `Clone Stamp` கருவியை எடுத்து, மேலே உள்ள `Sample` பட்டியலில் `Current & Below` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்படிச் செய்தால் மூலப்படம் தொடப்படாமல் இருக்கும். பிழையான பகுதியை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் செய்யலாம்.

மரத்தில் நகல் எடுக்கும்போது ரேகையின் போக்கிலேயே நகர வேண்டும். அழிக்க வேண்டிய இடத்துக்கு இடப்புறமோ வலப்புறமோ, அதே ரேகையின் மேல் `Alt` விசையை அழுத்திச் சொடுக்கி மூலத்தை எடுங்கள். பிறகு அதே ரேகை பழைய எழுத்துக்கு அடியில் எந்த உயரத்தில் தொடர வேண்டுமோ, துல்லியமாக அந்த உயரத்தில் பிரஷை வைத்து, ரேகையோடு இழுத்துச் செல்லுங்கள். மேலிருந்தோ கீழிருந்தோ எடுத்தால் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் படிக்கட்டு போல உடையும். ரேகை சற்றே வளைந்து சென்றால், `Clone Source` பலகத்தில் கோணத்தை இரண்டு அல்லது மூன்று பாகை மாற்றிக்கொள்ளலாம்.

பிரஷின் `Hardness` அளவை 60 விழுக்காட்டுக்கு அருகில் வைத்துக்கொள்வது நல்லது. மிக மென்மையான பிரஷ் பாதுகாப்பானது என்று தோன்றினாலும், அதன் ஓரங்களில் இரண்டு வெவ்வேறு ரேகைகள் அரைகுறையாகக் கலந்து மங்கலான பட்டை உண்டாகிறது. சுற்றிலும் கூர்மையான மரமும் நடுவில் மங்கலான பட்டையும் இருந்தால், பழைய சொல்லின் உருவம் ஆவியைப் போலத் தெரிந்துகொண்டே இருக்கும்.

`Healing Brush` கருவியைத் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம். அது ஓரத்தில் உள்ள நிறத்தை உள்ளே இழுத்துக் கலப்பதால், பழைய பெயிண்டின் வெண்மை அருகில் இருக்கும்வரை வெண்கறை பரவிக்கொண்டே போகும். எழுத்து முழுவதும் போனபின், எஞ்சியிருக்கும் வெளிச்ச வேறுபாடுகளைச் சமன் செய்ய அதைப் பயன்படுத்துங்கள். `Content-Aware Fill` சிறு இடங்களுக்கு உதவும். அகலமான எழுத்தின் கீழ் அது ரேகைகளை நடுவில் முறித்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதில் உழைப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு. அழிக்கும் முன்பே "பாலம் இல்லை" என்பதை உத்தேசமாக அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். பழைய எழுத்தின் எந்தப் பகுதிகள் புதிய எழுத்துக்கு அடியில் மறைந்துவிடுகின்றன என்பது தெரியும். அங்கே மேலோட்டமாக அழித்தால் போதும். வெளியே தெரியும் பகுதிகளுக்கு நேரத்தைச் செலவிடுங்கள். ஆனாலும் முழுவதும் அழிக்காமல் விடக்கூடாது. பின்னால் புதிய எழுத்தைத் தேய்க்கும்போது அடியிலிருக்கும் பழைய பெயிண்ட் வெளிப்படும்.

முடிந்ததா என்று சோதிக்க, மேலே ஒரு `Curves` லேயரை இட்டு, வளைவை மிகச் செங்குத்தாக்கிப் பாருங்கள். சாதாரணமாகக் கண்ணுக்குப் புலப்படாத கறைகளும், ஒரே மரக்கணு இரண்டு இடங்களில் வந்திருப்பதும் அப்போது தெளிவாகத் தெரியும். சரி செய்தபின் அந்த லேயரை நீக்கிவிடலாம்.

புதிய சொல்லை வடிவமைத்தல்

தமிழ் எழுத்துகளைத் தட்டச்சு செய்தவுடன் முதலில் கெ, கொ போன்ற எழுத்துகளை ஒரு முறை அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் தம் இடத்தில் வரவில்லை என்றால், தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு மென்பொருளில் இயக்கப்படவில்லை என்று பொருள். அதைச் சரி செய்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைவிடக் கோட்டின் தடிமனைப் பாருங்கள். பழைய எழுத்தின் கோடு 24 பிக்சல் என்றால், புதிய கோடும் அதற்கு அருகில் இருக்க வேண்டும். ஒரே பிரஷால் எழுதப்பட்டது என்ற எண்ணம் அதிலிருந்துதான் வருகிறது. சொல் நீண்டுவிட்டால் அகலத்தை மட்டும் நெருக்க வேண்டாம். நெருக்கினால் நிலைக்கோடுகள் மெலிந்து, கிடைக்கோடுகள் தடித்தபடியே நின்று, வளைவுகள் எல்லாம் முட்டை வடிவமாகிவிடும். இரண்டு வரியாகப் பிரிப்பதே நல்லது. அப்படிப் பிரிக்கும்போது, மேல்வரியின் உகர ஊகாரக் குறிகளும் கீழ்வரியின் புள்ளிகளும் மோதாதபடி இடைவெளி விட வேண்டும். நம் சொற்களில் கீழே இறங்கும் குறிகள் இல்லை. ஒரே வரியில், ஏறத்தாழ 640 பிக்சல் அகலத்தில் அடங்கிவிட்டன.

"பாலம் இல்லை" என்பதில் ல என்னும் எழுத்து மூன்று முறை வருகிறது. மூன்றும் அச்சு வார்த்தது போல ஒன்றாக இருந்தால், கையால் எழுதிய பலகை என்று யாரும் நம்ப மாட்டார்கள். எழுத்து லேயரின் மேல் வலப்புறச் சொடுக்குச் செய்து `Convert to Shape` என்பதைத் தேர்ந்தெடுத்து, இரண்டாவது, மூன்றாவது ல-வின் சுழியையும் வால் முனையையும் சில பிக்சல் நகர்த்துங்கள். ஒன்றை அரைப் பாகை சாய்த்துவிடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில், எழுத்து ஒட்டியதாகத் தெரிவதற்குப் பரப்பின் சொரசொரப்பு இல்லாமை எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இந்த ஒரே மாதிரித் தன்மையும்.

பிறகு அந்த லேயரை `Convert to Smart Object` மூலம் மாற்றிக்கொள்ளுங்கள். `Ctrl+T` அழுத்தி, `Distort` முறையில் நான்கு மூலைகளையும் பலகையின் மேல், கீழ் விளிம்புகளுக்கு இணையாக இழுத்துப் பொருத்துங்கள். பலகை ஒரு பக்கம் விலகிச் சென்றால் எழுத்தின் உயரமும் அந்தப் பக்கம் குறைய வேண்டும்.

பெயிண்டின் தன்மையைத் தீர்மானித்தல்

லேயரின் கலப்பு முறையை `Multiply` என்று மாற்றினால் எழுத்து மரத்தோடு கலந்துவிடும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். மரத்தில் ஊறும் மைக்கும், சுட்டு எழுதிய எழுத்துக்கும் அது சரியானது. அவற்றில் மரத்தின் நிறம் எழுத்தினூடே தெரியும். பெயிண்ட் அப்படிப்பட்டதன்று. பெயிண்ட் மரத்தின் நிறத்தை மூடிவிடுகிறது; மரத்தின் மேடு பள்ளத்தை மட்டும் மூடுவதில்லை. எனவே பெயிண்ட் பூசிய இடத்தில் ரேகையின் பழுப்பு நிறம் தெரியாமல், ரேகையின் மெல்லிய நிழல் மட்டும் தெரிய வேண்டும். மேலும், `Multiply` எப்போதும் இருட்டாக்கவே செய்யும் என்பதால், வெளிறிய பெயிண்டை அம்முறையில் வைத்தால் எழுத்து ஏறத்தாழ மறைந்தேபோகும்.

ஆகையால் எழுத்து லேயரை `Normal` முறையிலேயே விட்டுவிட்டு, அதன் நிறத்தைச் சான்றில் எடுத்த `#D9D2C0` என்று வையுங்கள். அடுத்து, அழித்துத் தூய்மையாக்கிய பலகையின் ஒரு நகலை எடுத்து, `Desaturate` கட்டளையால் நிறம் நீக்கி, எழுத்து லேயருக்கு மேலே வைத்து, இரண்டு லேயர்களுக்கும் இடைப்பட்ட கோட்டில் `Alt` அழுத்திச் சொடுக்குங்கள். அப்போது அந்த நகல் எழுத்தின் வடிவத்துக்குள் மட்டுமே தெரியும். அதன் கலப்பு முறையை `Soft Light` என்று மாற்றி, `Opacity` அளவை 40 விழுக்காட்டில் தொடங்குங்கள். நகலின் நடுத்தர வெளிச்சம் நடுச்சாம்பலைவிட இருண்டிருந்தால் எழுத்தின் நிறம் முழுவதும் இருண்டுவிடும்; அப்போது `Levels` கொண்டு நகலைச் சற்று வெளிறச் செய்ய வேண்டும். இப்போது "சான்று" லேயரைத் திறந்து, பழைய எழுத்தைப் புதிய எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேகையின் நிழல் இரண்டிலும் ஒத்த அளவில் தெரியும்வரை விழுக்காட்டைக் கூட்டிக் குறையுங்கள். நம் பலகைக்கு 35 போதுமானதாக இருந்தது.

ஓரங்களை ரேகைக்கு ஏற்ப அசைத்தல்

கணினி எழுத்தின் ஓரம் வழுவழுப்பாக இருக்கும். மரத்தில் பூசிய பெயிண்டோ, ரேகையின் போக்கில் சிறிது ஓடி, நிலைக்கோடுகளின் ஓரங்களில் நுண்ணிய பற்களை உண்டாக்கும். ரேகைக்கு இணையாகச் செல்லும் கிடைக்கோடுகளின் ஓரம் அவ்வளவாகக் கலையாது. இதைப் போலச் செய்ய உதவுவது `Filter > Distort > Displace` என்னும் வடிகட்டி. அது ஒரு சாம்பல்நிறப் படத்தை வரைபடமாகக் கொண்டு, ஒவ்வொரு பிக்சலையும் நகர்த்துகிறது. வரைபடத்தில் 128 என்ற நடுச்சாம்பல் உள்ள இடத்தில் எதுவும் நகராது. இருண்ட இடம் ஒரு பக்கமும் வெளிறிய இடம் மறுபக்கமும் நகரும். நகரும் தொலைவைப் பிக்சலில் இப்படிக் கணக்கிடலாம்:

```
(சாம்பல் மதிப்பு − 128) × Scale ÷ 100
```

வரைபடத்தைச் செய்ய, தூய்மையாக்கிய பலகை மட்டும் தெரியும்படி படத்தின் நகலை ஒரே லேயராக்கி, நிறம் நீக்கி, `Gaussian Blur` 1.5 பிக்சல் கொடுங்கள். மங்கலாக்காவிட்டால் படத்தின் ஒவ்வொரு நுண்புள்ளியும் எழுத்தை அசைத்து, ஓரம் மணல் கொட்டியது போலாகிவிடும். பிறகு `Levels` மூலம் பலகையின் பெரும்பகுதி 128-க்கு அருகில் வருமாறு சரிசெய்து, மூலப்படத்தின் அளவு மாறாமல் `.psd` கோப்பாகச் சேமியுங்கள். அளவு மாறினால் வடிகட்டி வரைபடத்தை நீட்டிப் பொருத்தும். ரேகையும் அசைவும் இடம் பிறழ்ந்துவிடும்.

இப்போது எழுத்து லேயரின் மேல் வடிகட்டியை இயக்கி, `Horizontal Scale` 4 என்றும் `Vertical Scale` 0 என்றும் கொடுத்து, சேமித்த கோப்பைக் காட்டுங்கள். மதிப்பு 200 உள்ள வெளிறிய பட்டையில் (200 − 128) × 4 ÷ 100, அதாவது ஏறத்தாழ 2.9 பிக்சலும், மதிப்பு 80 உள்ள கருத்த ரேகையில் எதிர்ப்பக்கமாக ஏறத்தாழ 1.9 பிக்சலும் நகரும். 24 பிக்சல் தடிமனுள்ள கோட்டுக்கு இது இயல்பான அளவு. இயல்பிருப்பாக வரும் 10 என்ற எண்ணை அப்படியே விட்டால், எழுத்து நீருக்கடியில் தெரிவது போல நெளியும். ரேகை மேலிருந்து கீழாக ஓடும் பலகையாக இருந்தால் இரண்டு எண்களையும் மாற்றி இட வேண்டும்.

தேய்த்தல், அதில் புள்ளியைக் காத்தல்

எழுத்து லேயரின் பக்கத்தில் இருமுறை சொடுக்கினால் வரும் `Layer Style` சாளரத்தில், கீழே `Blend If` என்ற பகுதி இருக்கிறது. அதில் `Underlying Layer` என்ற பட்டையின் கருப்பு முக்கோணத்தை வலப்புறம் நகர்த்தினால், அடியிலுள்ள மரம் இருண்டிருக்கும் இடங்களில் எழுத்து மறையும். `Alt` அழுத்தி முக்கோணத்தை இரண்டாகப் பிளந்து, 45 என்றும் 80 என்றும் வைத்தால், 45-க்குக் கீழ் முழுவதும் மறைந்து, 80 வரை படிப்படியாகத் தெளிந்து வரும். நம் பலகையில் கருத்த ரேகைகளில்தான் பெயிண்ட் உரிந்திருந்தது என்பதால் இது நமக்குப் பொருந்துகிறது. உங்கள் சான்றில் வெளிறிய இடங்களில் பெயிண்ட் போயிருந்தால், வெள்ளை முக்கோணத்தை இடப்புறம் நகர்த்த வேண்டும்.

ஆனால் இக்கருவிக்கு எழுத்து எது, எழுத்தின் உயிர் எது என்று தெரியாது. நம் சொற்களில் ம், ல் ஆகிய இரண்டின் மேலும் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 25 பிக்சல் அகலம்கூட இல்லாதவை. ஒரு கருத்த ரேகை சரியாகப் புள்ளியின் மேல் ஓடினால், புள்ளி முழுவதும் மறைந்து, "பாலம இலலை" என்றாகிவிடும். படத்தில் நம் கண் சொல்லை முன்பே அறிந்திருப்பதால் நமக்கு இது தெரிவதில்லை. முதன்முறை படிப்பவர் தடுமாறுவார். கிடைக்கோட்டுக்கும் இதே இடர் உண்டு. ப என்பதன் அடிக்கோடு ரேகைக்கு இணையாக இருப்பதால், ஒரே ரேகை அதை முழு நீளத்துக்கும் தின்றுவிடக்கூடும். அப்போது ப இரண்டு தனிக் குச்சிகளாக நிற்கும்.

ஆகவே `Blend If` கொண்டு எவ்வளவு தேய வேண்டும் என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்துகொண்டு, பிறகு அதை நீக்கிவிட்டு, அதே விளைவை லேயர் மாஸ்க் மூலம் செய்யும்படி பரிந்துரைக்கிறேன். எழுத்து லேயருக்கு ஒரு மாஸ்க் சேர்த்து, `Alt` அழுத்தி மாஸ்கின் மேல் சொடுக்கித் திறந்து, நிறம் நீக்கிய பலகையின் படத்தை அதில் ஒட்டுங்கள். ஒட்டிய இடம் பிசகாமல் இருக்க வேண்டும். `Levels` சாளரத்தில் கருப்பு எல்லையை 45, வெள்ளை எல்லையை 80 என்று வைத்தால், `Blend If` கொடுத்த விளைவே கிடைக்கும். `Blend If` இல்லாத மென்பொருளிலும் இந்த மாஸ்க் முறை அப்படியே செல்லும்.

மாஸ்கின் பயன் என்னவென்றால், அதன்மேல் பிரஷால் தீட்டலாம். வெள்ளை நிறத்தில், 50 விழுக்காடு ஒளிபுகாமையில், இரண்டு புள்ளிகளின் மேலும் ஒருமுறை தீட்டிப் பாதியளவு மீட்டெடுங்கள். புள்ளியில் தேய்மானம் தெரியலாம். ஆனால் அதன் வட்டம் முக்கால் பங்காவது நிற்க வேண்டும். ப-வின் அடிக்கோட்டில் ஓரிரு இடங்களில் இணைப்பை மீட்டுக் கொடுங்கள். பிறகு கருப்பு நிறத்தில், பலகையின் விளிம்புக்கு அருகிலும் விரிசலைச் சுற்றியும் சற்றுக் கூடுதலாகத் தேயுங்கள். உண்மையான தேய்மானம் பலகை முழுவதும் சமமாக இருப்பதில்லை. மழைநீர் இறங்கும் விளிம்பில் அதிகமாகவும், நடுவில் குறைவாகவும் இருக்கும். விரிசல் எழுத்தைக் குறுக்கே கடந்தால், அங்கே மாஸ்கை முழுக் கருப்பாக்கிவிடுங்கள். பெயிண்ட் பூசியபின் விழுந்த விரிசலுக்குள் பெயிண்ட் இருக்காது. ஒரு விரிசல் எழுத்துக்கு மேலாகத் தொடர்ந்து ஓடுவதைப் போல நம்பிக்கையூட்டும் சான்று வேறில்லை.

கூர்மையையும் நுண்புள்ளியையும் ஒப்பிடுதல்

இவ்வளவுக்குப் பிறகும் எழுத்து ஏதோ ஒருவகையில் தனித்து நின்றால், அது படத்தைவிடக் கூர்மையாக இருப்பதே காரணமாக இருக்கும். சான்றில் ஓரம் 2 அல்லது 3 பிக்சலில் கரைந்தது நினைவிருக்கலாம். எழுத்து லேயருக்கு 0.6 பிக்சல் `Gaussian Blur` கொடுத்துச் சான்றோடு ஒப்பிடுங்கள். 1 பிக்சலைத் தாண்டுவது அரிதாகவே தேவைப்படும். புகைப்படமாக இருந்தால் அதில் நுண்புள்ளிகளும் இருக்கும். `Add Noise` வடிகட்டியில் `Gaussian`, `Monochromatic` இரண்டையும் தேர்ந்தெடுத்து 1.5 விழுக்காடு சேர்த்தால் பெரும்பாலும் போதுமானது. கையால் தீட்டிய படக்கதையில் நுண்புள்ளி தேவையில்லை. அங்கே ஓவியரின் பிரஷ் தடமே பரப்பாக இருக்கும்.

ஒப்பீட்டை 100 விழுக்காட்டு அளவில் செய்யுங்கள். 300-இல் சரி பார்த்துக்கொண்டே இருந்தால் யாரும் காணாத குறைகளுக்கு மணிக்கணக்கில் உழைத்துவிட்டு, எழுத்து முழுவதும் சுற்றியிருப்பதைவிட வெளிறியிருப்பதைக் கவனிக்கத் தவறிவிடுவோம். சொல் என்னவென்று அறியாத ஒருவரிடம் காட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொல்வதே புள்ளிகளுக்கான நேர்மையான சோதனை.

கல்லாக இருந்தால்

கல்லில் கொத்திய எழுத்துக்குத் தனி நிறம் இல்லை; அது ஒளியும் நிழலும் மட்டுமே. எனவே மரத்தில் நிறத்துக்குக் கொடுத்த கவனத்தை இங்கே ஒளியின் திசைக்குக் கொடுக்க வேண்டும். பழைய எழுத்தில் எந்தப் பக்கச் சுவர் இருண்டிருக்கிறது என்று பாருங்கள். பள்ளமாகக் கொத்திய எழுத்தில், ஒளி வரும் பக்கத்துச் சுவர்தான் நிழலில் இருக்கும். எதிர்ப்பக்கச் சுவர் ஒளியை வாங்கும். ஒளி இடப்புற மேலிருந்து வந்தால் இடப்புற மேல் ஓரங்கள் கருக்கும். இதை மாற்றிச் செய்துவிட்டால் எழுத்து பள்ளமாகத் தெரியாமல் புடைத்துத் தெரியும். இத்தவறு மிகப் பரவலானது.

எழுத்து லேயரின் `Fill` அளவை 0 ஆக்கி, `Bevel & Emboss` பாணியில் `Inner Bevel`, `Chisel Hard`, `Direction` பகுதியில் `Down` என்று தேர்ந்தெடுத்து, கோணத்தைப் படத்தின் ஒளிக்கு ஏற்ப அமையுங்கள். நிழலுக்குக் கருப்பைக் கொடுக்காமல், பழைய எழுத்தின் நிழலிலிருந்தே நிறத்தை எடுங்கள். உளியால் கொத்திய கோட்டின் ஓரம் ஆங்காங்கே சில்லுச் சில்லாக உடைந்திருக்கும்; மென்பொருள் தரும் ஓரமோ ஒரே சீராக இருக்கும். எழுத்து லேயரின் மாஸ்கில் கடினமான சிறு பிரஷால் ஓரங்களைக் கடித்தது போல் தீட்டினால் சரியாகும். ஆனால் அதற்கு முன் `Layer Style` சாளரத்தில் `Layer Mask Hides Effects` என்ற கட்டம் குறியின்றி இருப்பதை உறுதி செய்யுங்கள். அப்போதுதான் உடைந்த ஓரத்துக்கும் சுவர் நிழல் உண்டாகும். பழங்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளி இடப்பட்டிருப்பதில்லை. ஆனால் காட்சியில் வருவது இன்றைய வாசகர் படிக்க வேண்டிய சொல் என்றால், புள்ளியை ஒரு சிறு குழியாகக் கொத்திக் காட்டவே வேண்டும்.

துணியாக இருந்தால்

துணியில் கடினமானது அழித்தல். பாவும் ஊடும் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதால், நகலெடுக்கும் தொலைவு அந்த இடைவெளியின் மடங்காக இருக்க வேண்டும். நெசவு மீண்டும் வரும் இடைவெளி 6 பிக்சல் என்றால் 60 அல்லது 66 பிக்சல் தள்ளி மூலத்தை எடுக்கலாம். 63 தள்ளி எடுத்தால் மேல்நூல் வர வேண்டிய இடத்தில் கீழ்நூல் வந்து, நெசவில் ஒரு முறிவுக்கோடு தெரியும். இரு திசைகளிலும் இதைக் கவனிக்க வேண்டும்.

எழுத்தை அசைக்கும்போது மடிப்பையும் நூலையும் ஒன்றாகக் கருதக்கூடாது. மடிப்புக்கு, 8 பிக்சல் அளவுக்கு நன்கு மங்கலாக்கிய வரைபடத்தைக் கொண்டு, `Scale` இரண்டையும் 10 அளவில் வைத்து `Displace` செய்யுங்கள். நூலின் சொரசொரப்புக்கு வடிகட்டி தேவையில்லை. மரத்தில் செய்தது போன்ற மாஸ்க்கே போதும். நூல் இடைவெளி 3 பிக்சலுக்கும் குறைவாக இருந்தால் அந்த மாஸ்க்கையும் விட்டுவிடுங்கள். படத்தைச் சிறிதாக்கும்போது அந்த நுண்கோடுகள் அலையலையான பட்டைகளாக மாறி, எழுத்துக்குள் மட்டும் மினுங்கும். அச்சிட்ட எழுத்தில் துணியின் நிறம் ஊடே தெரியும் என்பதால், வெளிறிய துணியில் அடர்நிற மைக்கு இங்கே `Multiply` முறையே பொருந்தும்.

பூத்தையல் எழுத்தாக இருந்தால் மேற்சொன்ன எதுவும் உதவாது. அங்கே எழுத்து துணியின் மேல் படிந்த நிறமாக இல்லாமல், தனக்கென்று திசையும் தடிமனும் நிழலும் உடைய நூலாக இருக்கிறது. எழுத்தின் ஒவ்வொரு கோட்டையும், அதன் போக்குக்குக் குறுக்காக, பழைய தையலின் நூல் அளவுக்கே உள்ள சிறு கோடுகளால் கையால் நிரப்ப வேண்டும். ல-வின் சுழியில் அந்தக் கோடுகள் விசிறி போலத் திரும்பிச் செல்ல வேண்டும்.